நாஸில் இருக்கும் 4கே வீடியோவை எடிட் செய்ய 10 கிகாபிட் வாங்க வேண்டுமா, ப்ராக்ஸி போதுமா?

கேள்வி: "கல்யாண வீடியோ எடிட் பண்றேன். ரெண்டு கேமரா, 4கே, 25 ஃப்ரேம், 10 பிட் 4:2:2, 140 மெகாபிட். ஃபுட்டேஜ் எல்லாம் நாலு ஹார்டு டிஸ்க் போட்ட நாஸ்ல இருக்கு. சாதாரண கிகாபிட் நெட்வொர்க். டாவின்சி ரிசால்வ்ல மல்டிகேம் போட்டா திக்கித் திக்கி ஓடுது. 10 கிகாபிட் கார்டும் ஸ்விட்சும் வாங்கச் சொல்றாங்க. ப்ராக்ஸி போட்டாலே போதுமா? போட்டா எங்க வைக்கணும்? கடைசியில குவாலிட்டி குறையாதா?"

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். திக்குகிற கிளிப்களில் ஒன்றை, அதுவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளமான ஒன்றை, நாஸிலிருந்து உங்கள் கணினியின் எஸ்எஸ்டிக்கு நகலெடுங்கள். ரிசால்வில் புதிய புராஜெக்ட் திறந்து, அந்த நகலை மட்டும் டைம்லைனில் போட்டு, முன்னும் பின்னும் வேகமாக இழுத்துப் பாருங்கள். அங்கேயும் திக்கினால் உங்கள் நெட்வொர்க்கின் மேல் குற்றமில்லை. அந்த வீடியோவை விரித்துக் காட்ட உங்கள் கணினி திணறுகிறது என்று அர்த்தம். எஸ்எஸ்டியில் வெண்ணெய் போல ஓடி, நாஸில் மட்டும் திக்கினால் வழியில்தான் பிரச்சினை. நீங்கள் சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் முதல் வகைதான் உங்களுக்குப் பெரிதாக இருக்கும், இரண்டாவது கொஞ்சம் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் கணினியின் பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு என்ன என்று நீங்கள் எழுதாததால் இதை ஊகமாகத்தான் சொல்ல முடியும். சோதனை செய்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஏன் அப்படி நினைக்கிறேன் என்றால், கணக்கு எளிது. 140 மெகாபிட் என்பது நொடிக்கு 17.5 எம்பி. இரண்டு கேமராவும் ஒரே நேரத்தில் ஓடினால் 35 எம்பி. கிகாபிட் ஈதர்நெட்டில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி வரை கிடைக்கும். ஆக, குழாயில் மூன்றில் ஒரு பங்குதான் நிறைகிறது. 10 கிகாபிட் போட்டால் குழாய் பத்து மடங்கு பெரிதாகும், ஆனால் அதில் ஓடப்போவது அதே 35 எம்பிதான். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு டைம்லைனை ஓட்டுங்கள். ஈதர்நெட் வரைபடம் 300, 400 மெகாபிட்டைத் தாண்டாமல் இருக்க, படம் மட்டும் திக்கினால் நான் சொல்வது கண்ணுக்கே தெரியும்.

பிரச்சினை இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, கேமரா எழுதுகிற எச்.264, எச்.265 கோப்புகளின் அமைப்பு. அதில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. அரை நொடிக்கு ஒருமுறை போல ஒரு முழு ஃப்ரேம் வரும். நடுவில் இருப்பவை எல்லாம் பக்கத்து ஃப்ரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள் மட்டும்தான். வீடியோவை நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்கும்போது இது தொந்தரவு தராது. நீங்கள் டைம்லைனில் ஒரு இடத்தில் சொடுக்கினால், கணினி பின்னால் போய் முந்தைய முழு ஃப்ரேமைத் தேடி, அங்கிருந்து வரிசையாகக் கட்டிக்கொண்டு வந்தால்தான் நீங்கள் கேட்ட ஃப்ரேம் கிடைக்கும். பின்னோக்கி ஓட்டினால் இந்த வேலை ஓயாமல் நடக்கிறது. மல்டிகேமில் அது இரண்டு மடங்கு. இதோடு 10 பிட் 4:2:2 என்பது இன்னொரு சுமை. இன்று ஸ்டூடியோக்களில் ஓடிக்கொண்டிருக்கும் நிறைய கிராஃபிக்ஸ் கார்டுகளில் 4:2:0 வீடியோவை விரிக்கும் தனிச் சில்லுப் பகுதி உண்டு, 4:2:2-ஐ அது தொடாது. அப்போது முழு வேலையும் பிராசஸரின் தலையில் விழும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் `Video Decode` என்ற வரைபடம் சும்மா இருக்க, சிபியு மட்டும் உச்சத்தில் நின்றால் இதுதான் நடக்கிறது.

இரண்டாவது இடம் நாஸில் சுழலும் ஹார்டு டிஸ்க். ஒரு பெரிய கோப்பை நேராக வாசிக்கச் சொன்னால் அது நன்றாகவே வாசிக்கும். இரண்டு கேமரா கோப்புகளை மாறி மாறி வாசிக்கச் சொல்லி, நடுவில் நீங்கள் வேறு இடத்துக்குத் தாவினால், டிஸ்க்கின் தலை ஒவ்வொரு முறையும் இடம் மாற வேண்டும். அதற்கு ஒவ்வொரு தாவலுக்கும் 10 மில்லிநொடி அளவுக்கு ஆகும். 25 ஃப்ரேம் வீடியோவில் ஒரு ஃப்ரேமுக்கு உங்களிடம் இருக்கும் நேரமே 40 மில்லிநொடிதான். வெட்டுகள் நெருக்கமாக இருக்கும் ஹைலைட் ரீலில் நொடிக்கு இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து திறந்து வாசிக்க வேண்டியிருக்கும். நெட்வொர்க்கின் அகலத்தைக் கூட்டினால் இந்தக் காத்திருப்பு குறையாது, டிஸ்க் அதே டிஸ்க்தானே. நாஸில் எஸ்எஸ்டி கேஷ் போட்டால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கேஷ், திரும்பத் திரும்பத் தொடப்படும் சின்னச் சின்னத் தரவுக்காக அமைந்தது. நூற்றுக்கணக்கான ஜிபி வீடியோவில் முதல் தடவை தொடும் கிளிப்புக்கு அதனால் பயனில்லை. அந்தப் பணத்தை எடிட்டிங் கணினியில் ஒரு எஸ்எஸ்டிக்குப் போடுங்கள்.

ப்ராக்ஸி இந்த இரண்டையும் ஒரே அடியில் தீர்க்கிறது. ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன அளவில் ஒரு பிரதியை உருவாக்குகிறீர்கள். அதில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி முழுப் படமாக இருக்கும்படி புரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி வடிவத்தில் எழுதுகிறீர்கள். அதை உள்ளூர் எஸ்எஸ்டியில் வைக்கிறீர்கள். விரிக்கும் சுமையும் போச்சு, டிஸ்க் தலை தேடி அலைவதும் போச்சு. எடிட் முழுவதும் ப்ராக்ஸியில் நடக்கும். கலர் கிரேடிங்குக்கும் எக்ஸ்போர்ட்டுக்கும் நாஸில் இருக்கும் மூலக் கோப்புக்குத் திரும்புகிறீர்கள். டைம்லைனில் உங்கள் வெட்டுகள் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும், அவை வாசிக்கும் கோப்பு மட்டும் மாறும்.

சரி, எவ்வளவு இடம் வேண்டும்? முந்தின நாள் வரவேற்பும் மறுநாள் முகூர்த்தமும் சேர்த்து, இரண்டு கேமராவிலும் மொத்தம் எட்டு மணி நேர ஃபுட்டேஜ் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 17.5 எம்பி என்றால் மணிக்கு 63 ஜிபி, எட்டு மணி நேரத்துக்கு 504 ஜிபி. இதுவே 1920-க்கு 1080 அளவில், 25 ஃப்ரேமில் புரோரெஸ் ப்ராக்ஸியாக எழுதினால் சுமார் 38 மெகாபிட், அதாவது நொடிக்கு 4.75 எம்பி. மணிக்கு 17 ஜிபி, எட்டு மணி நேரத்துக்கு 137 ஜிபி. 500 ஜிபி எஸ்எஸ்டியில் இதுபோல மூன்று கல்யாணங்களை ஒரே நேரத்தில் வைத்து வேலை செய்யலாம். இதற்கு விலை உயர்ந்த என்விஎம்இ வேண்டும் என்ற அவசியமும் இல்லை. இரண்டு கேமரா ப்ராக்ஸி சேர்ந்து ஓடினாலும் நொடிக்கு 10 எம்பிதான் கேட்கும், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல் தரும். எஸ்எஸ்டியில் நகரும் தலை கிடையாது என்பதுதான் இங்கே முக்கியம். யுஎஸ்பி 3 வழியாக இணைக்கும் வெளி எஸ்எஸ்டி இருந்தாலும் போதும்.

720 அளவில் வைத்தால் இன்னும் சின்னதாகும். ஆனால் கல்யாண வீடியோவுக்கு 1080 நல்லது என்பது என் கருத்து. மேடையில் தள்ளி நிற்கும் முகங்களில் கண் மூடியிருக்கிறதா, ஃபோக்கஸ் மாலையில் நிற்கிறதா முகத்தில் நிற்கிறதா என்று 720-இல் பார்த்துத் தேர்ந்தெடுப்பது கஷ்டம். எச்.264-லேயே ப்ராக்ஸி எடுக்கலாம், கோப்பு வெகுவாகச் சிறுக்கும். லேப்டாப்பில் வெளியூருக்கு எடுத்துப்போக அது சரி. மேசையில் வைத்து வேலை செய்யும்போது புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர்தான் கைக்கு இலகு.

இனி ரிசால்வில் செய்முறை. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். பிளாக்மேஜிக் ப்ராக்ஸி ஜெனரேட்டர் என்ற தனி மென்பொருள் ரிசால்வ் 18-இலிருந்து கூடவே வருகிறது. அதில் நாஸ் ஃபோல்டரைக் காட்டிவிட்டால், மூலக் கோப்பு இருக்கும் இடத்திலேயே `Proxy` என்று ஒரு துணை ஃபோல்டர் உருவாக்கி அங்கே எழுதிவிடும். ரிசால்வ் அதைத் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்தும் கொள்ளும். வசதிதான். ஆனால் ப்ராக்ஸி நாஸிலேயே உட்கார்ந்திருக்கிறது. விரிக்கும் சுமை குறையும், டிஸ்க் தாவல் அப்படியே இருக்கும். "ப்ராக்ஸி போட்டேன், கொஞ்சம்தான் பரவாயில்லை" என்று சொல்பவர்களிடம் ப்ராக்ஸி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இதுவாக இருக்கும்.

உங்கள் விஷயத்தில், ஒரே ஆள் ஒரே கணினியில் எடிட் செய்வதால், ரிசால்வுக்குள்ளேயே செய்துவிடலாம். முதலில் `Project Settings` திறந்து `Master Settings` பக்கத்தில் `Working Folders` பகுதிக்குப் போங்கள். அங்கே `Proxy generation location` என்பதை `D:\Proxy` போன்ற உள்ளூர் எஸ்எஸ்டி ஃபோல்டராக மாற்றுங்கள். அதன் கீழே இருக்கும் `Cache files location`, `Gallery stills location` இரண்டையும் அதே எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள். ப்ராக்ஸி உள்ளூரில், கேஷ் நாஸில் என்று விட்டுவைத்தால் எஃபெக்ட் போட்ட இடங்களில் மறுபடி திக்கும். அதற்குக் காரணம் தேடி ஒரு நாள் போகும். அதே பக்கத்தில் `Proxy media resolution` என்பதில் `Half`, `Proxy media format` என்பதில் புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி. 3840-இன் பாதி 1920, கணக்கு நேராக வருகிறது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கிளிப்களை நாஸிலிருந்து மீடியா பூலுக்குள் கொண்டு வர வேண்டும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் `Generate Proxy Media`. இந்த வேலைக்கு ரிசால்வ் 504 ஜிபியையும் நாஸிலிருந்து ஒருமுறை முழுதாக வாசித்தாக வேண்டும். கிகாபிட்டில் அதற்கே ஒன்றேகால் மணி நேரம் ஆகும். உங்கள் பிராசஸர் 4:2:2-ஐ விரிப்பதில் மெதுவாக இருந்தால் அதற்கு மேலும் இழுக்கும். அதனால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போவதே வழக்கம். கணினி தானாகத் தூங்கிவிடாதபடி பவர் செட்டிங்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் `Playback` மெனுவில் `Proxy Handling` போய் `Prefer Proxies` தேர்ந்தெடுத்தால் எடிட்டுக்குத் தயார். மீடியா பூலை லிஸ்ட் வியூவுக்கு மாற்றி, `Proxy` மற்றும் `Proxy Media Path` பத்திகளைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது கிளிப்புக்கு அது காலியாக இருந்தால் அந்த ஒரு கிளிப் மட்டும் திக்கும், பாதையில் `D:` இல்லாமல் நாஸ் பெயர் இருந்தால் அதுவும் கண்ணில் படும்.

இனி எது தவறாகப் போகும் என்பது. ப்ராக்ஸியும் மூலமும் ஒன்றுக்கொன்று ஜோடி என்பதை மென்பொருள் கோப்பின் பெயர், டைம்கோடு, ஃப்ரேம் எண்ணிக்கை இவற்றை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. பல கேமராக்கள் ஒவ்வொரு கார்டிலும் `C0001.MP4` என்று மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டு கேமரா, கேமராவுக்கு மூன்று கார்டு என்றால் உங்களிடம் ஆறு `C0001.MP4` இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படும், அல்லது மாப்பிள்ளை அழைப்பின் மூலத்துக்கு ஊஞ்சல் சடங்கின் ப்ராக்ஸி ஒட்டிக்கொள்ளும். அதனால் நாஸில் கார்டுக்கு ஒரு ஃபோல்டர் கட்டாயம். `CAM_A_CARD1`, `CAM_A_CARD2`, `CAM_B_CARD1` என்று எளிமையாக இருக்கட்டும். கார்டில் இருக்கும் துணை ஃபோல்டர்கள், கூட வரும் சின்ன எக்ஸ்எம்எல் கோப்புகள் எதையும் கழிக்காமல் முழுதாக நகலெடுங்கள். கேமரா எழுதிய கூடுதல் தகவல்கள் அவற்றில் இருக்கும். புது நிகழ்ச்சிக்குக் கிளம்பும் முன் கேமராவில் இரண்டு காரியம் செய்துவிட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும்: கோப்பு எண்ணைத் தொடர்ந்து ஏறும்படி வைப்பது, பெயரின் முன்னெழுத்தை ஒவ்வொரு கேமராவுக்கும் வேறாக வைப்பது. பெரும்பாலான கேமராக்களில் இரண்டுக்கும் மெனு இருக்கும்.

ப்ராக்ஸியை ரிசால்வ் அல்லாமல் வேறு கணினியில் எஃப்எஃப்எம்பெக் வைத்து எடுக்க நினைத்தால், கீழே உள்ள கட்டளை போதும். உங்கள் எடிட்டிங் கணினி பகலில் வேறு வேலையில் மாட்டியிருந்தால் இந்த வழி உதவும்.

```
ffmpeg -i C0001.MP4 -map 0:v:0 -map 0:a \
  -vf scale=1920:-2 -c:v prores_ks -profile:v 0 \
  -pix_fmt yuv422p10le -c:a pcm_s16le C0001.mov
```

இதில் `-profile:v 0` என்பதுதான் புரோரெஸ் ப்ராக்ஸி. `-map 0:a` எல்லா ஆடியோ டிராக்கையும் எடுத்து வருகிறது. இது மட்டும் விட்டுப்போனால் ப்ராக்ஸியில் ஆடியோவே வராது, `-map` இரண்டையும் விட்டுவிட்டால் எஃப்எஃப்எம்பெக் ஒரு டிராக்கை மட்டும் எடுக்கும். கேமராவில் ஒரு டிராக்கில் மைக், இன்னொன்றில் மண்டப மிக்சர் என்று பதிவாகியிருந்தால் அப்போது ப்ராக்ஸியில் ஒன்று காணாமல் போகும். பிரீமியரில் ஆடியோ சேனல் எண்ணிக்கை பொருந்தாத ப்ராக்ஸியை ஒட்டவே விடாது. டைம்கோடில்தான் நிச்சயமில்லாத இடம் இருக்கிறது. சில கேமராக்கள் டைம்கோடை வீடியோவுக்குள் வழக்கமான இடத்தில் எழுதாமல் தனியாக வைக்கும், அது எஃப்எஃப்எம்பெக் வழியாகப் போகும்போது தொலைந்து ப்ராக்ஸி 00:00:00:00 என்று ஆரம்பிக்கும். அதனால் எட்டு மணி நேரத்தையும் ஓட்டுவதற்கு முன் மூன்று கிளிப்பை மட்டும் எடுத்து, ரிசால்வில் `Link Proxy Media` கொடுத்து ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அந்தக் கேமராவுக்கு ரிசால்வுக்குள்ளேயே ப்ராக்ஸி எடுப்பதுதான் வழி.

கைபேசியில் எடுத்த கிளிப்கள் தனி ரகம். மணமகளின் தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பியது, அண்ணன் மாடியிலிருந்து எடுத்தது என்று எப்படியும் நாலு வந்து சேரும். கைபேசிகள் பெரும்பாலும் மாறும் ஃப்ரேம் வேகத்தில் பதிவு செய்கின்றன, ஒரு நொடிக்கு 30, அடுத்த நொடிக்கு 28 என்று. ப்ராக்ஸி சீரான வேகத்தில் எழுதப்படும். விளைவு, ப்ராக்ஸியில் நீங்கள் வெட்டிய இடம் மூலத்தில் சில ஃப்ரேம் தள்ளி விழும், கிளிப் நீளமாக நீளமாக உதட்டசைவும் குரலும் பிரியும். இதை இந்தக் கட்டளையில் கண்டுபிடிக்கலாம்.

```
ffprobe -v error -select_streams v:0 \
  -show_entries stream=r_frame_rate,avg_frame_rate,nb_frames \
  -of default=nw=1 clip.mp4
```

`r_frame_rate`, `avg_frame_rate` இரண்டும் வெவ்வேறாக வந்தால் அது மாறும் வேகத்தில் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட கிளிப்புக்கு நேராக ப்ராக்ஸி எடுக்காதீர்கள். முதலில் அதை முழு அளவில், சீரான 25 ஃப்ரேமில், புரோரெஸ் 422 ஆக மாற்றி நாஸில் வையுங்கள். அந்த மாற்றிய கோப்பையே மூலமாகக் கொண்டு ப்ராக்ஸி எடுங்கள். இதே கட்டளையில் வரும் `nb_frames` இன்னொரு விதத்திலும் பயன்படும். மூலத்திலும் ப்ராக்ஸியிலும் அந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். ராத்திரி மின்சாரம் போய் பாதியில் நின்ற ப்ராக்ஸிகள் பெயரளவில் ஃபோல்டரில் இருக்கும், எண்ணைப் பார்த்தால்தான் குறை தெரியும்.

இன்னொன்று, நாஸின் பாதை மாறக் கூடாது. விண்டோஸில் நாஸை ஒரு குறிப்பிட்ட எழுத்தில், உதாரணமாக `Z:` என்று நிலையாக இணைத்துவிட்டு அதன் வழியாக மட்டும் இம்போர்ட் செய்யுங்கள். ஒரு நாள் `Z:`, ஒரு நாள் `\\nas\video` என்று இம்போர்ட் செய்தால் புராஜெக்ட்டில் பாதி கிளிப் ஒரு பாதையிலும் மீதி இன்னொன்றிலும் இருக்கும். மேக்கில் இது வேறு ரூபத்தில் வரும். நாஸ் இணைப்பு அறுந்து மறுபடி இணையும்போது `/Volumes/video` என்பது `/Volumes/video-1` ஆகிவிடலாம். அப்போது எல்லாக் கிளிப்பும் ஆஃப்லைன் என்று சிவப்பாகக் காட்டும். கோப்பு எதுவும் போய்விடவில்லை, பதறி `Relink` கொடுக்க வேண்டாம். நாஸைத் துண்டித்து, பழைய பெயரிலேயே மறுபடி இணைத்தால் சரியாகிவிடும்.

குவாலிட்டி பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். எக்ஸ்போர்ட் மூலக் கோப்பிலிருந்து போனால் துளியும் குறையாது, இதில் சந்தேகமே இல்லை. ஆபத்து, எக்ஸ்போர்ட் உங்களுக்குத் தெரியாமல் ப்ராக்ஸியிலிருந்து போய்விடுவதில் இருக்கிறது. ரிசால்வில் `Prefer Camera Originals` என்று ஒரு தேர்வு இருக்கிறது. பெயரில் இருக்கும் `Prefer` என்ற சொல்லைக் கவனியுங்கள். மூலம் கிடைத்தால் மூலம், கிடைக்காவிட்டால் ப்ராக்ஸி என்று அது நடந்துகொள்ளும். நாஸ் இணைப்பு அறுந்திருந்தாலும் படம் ஓடிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியாது. அதனால் கிரேடிங் தொடங்கும்போதும் எக்ஸ்போர்ட்டுக்கு முன்பும் `Disable All Proxies` போடுங்கள். இப்போது மூலம் கிடைக்காத கிளிப் எதுவானாலும் `Media Offline` என்று முகத்தில் அடித்தாற்போல் நிற்கும். டைம்லைனை ஒருமுறை முழுதாகத் தாண்டிப் பார்த்துவிட்டு, `Deliver` பக்கத்தில் அட்வான்ஸ்டு பகுதியில் `Use proxy media` டிக் இல்லாமல் இருக்கிறதா என்று உறுதி செய்து ரெண்டர் கொடுங்கள். முடிந்த கோப்பில் பட்டுப்புடவையின் ஜரிகைப் பார்டர் வரும் ஒரு க்ளோசப்பை நிறுத்தி, நூறு சதவீத அளவில் பாருங்கள். ப்ராக்ஸியிலிருந்து போயிருந்தால் ஜரிகை இழைகள் தனித்தனியாகத் தெரியாமல் குழம்பி, பல்லிளிக்கும்.

எக்ஸ்போர்ட்டுக்குக் கிகாபிட் போதுமா என்றால், போதும். உங்கள் ரெண்டர் நிஜ நேரத்தைவிட நான்கு மடங்கு வேகத்தில் ஓடினாலும் நொடிக்கு 17.5-ஐ நான்கால் பெருக்கி 70 எம்பிதான் வேண்டும். ரெண்டர் நேரத்தில் கோப்பு முன்னோக்கி வரிசையாகப் படிக்கப்படுவதால் ஹார்டு டிஸ்க்கும் அதிகம் திணறாது.

ப்ராக்ஸியில் பார்த்து முடிவெடுக்கக் கூடாத சில வேலைகளும் உண்டு. ஃபோக்கஸ் கூர்மை, இருட்டு மண்டபத்தில் வரும் நாய்ஸ், ஸ்டெபிலைஸ், டிராக்கிங், கீயிங் இவை எல்லாவற்றுக்கும் அந்த ஷாட்டுக்கு மட்டும் மூலத்துக்கு மாறிப் பாருங்கள். ஸ்டெபிலைஸை ப்ராக்ஸியில் கணக்கிட்டிருந்தால், மூலத்துக்கு மாறிய பின் அதை மறுபடி ஒருமுறை கணக்கிடுவது பாதுகாப்பு. லாக்கில் எடுத்த ஃபுட்டேஜாக இருந்து ப்ராக்ஸி 8 பிட் எச்.264-ஆக இருந்தால், வண்ணத்தை இழுக்கும்போது சுவரிலும் வானத்திலும் பட்டை பட்டையாகத் தெரியும். மூலத்தில் அந்தப் பட்டை இருக்காது. அதைச் சரி செய்கிறேன் என்று உட்கார்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

பிரீமியரில் வேலை செய்பவர்களுக்கும் இதே முறைதான். `Ingest Settings`-இல் `Create Proxies` கொடுத்து, இடத்தை உள்ளூர் எஸ்எஸ்டிக்கு மாற்றி, புரோகிராம் மானிட்டரில் `Toggle Proxies` பொத்தானைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்போர்ட்டில் `Use Proxies` டிக் செய்யாத வரை அது மூலத்தைத்தான் எடுக்கும். மீடியா கேஷ் இடத்தையும் மறக்காமல் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

அப்படியானால் 10 கிகாபிட் யாருக்கு வேண்டும்? உங்கள் கேமரா எச்.264-க்குப் பதில் புரோரெஸ் 422 எச்க்யூவில் 4கே எழுதினால், 25 ஃப்ரேமில் ஒரே ஒரு ஸ்ட்ரீம் சுமார் 737 மெகாபிட், அதாவது நொடிக்கு 92 எம்பி. அங்கே கிகாபிட் குழாய் ஒரு கேமராவிலேயே நிறைந்துவிடுகிறது, இரண்டாவது கேமராவுக்கு இடமில்லை. கிரேடிங் செய்யும்போது ப்ராக்ஸி உதவாது, நிஜமாகவே அகலமான வழி வேண்டும். அல்லது உங்கள் ஸ்டூடியோவில் மூன்று பேர் ஒரே நாஸிலிருந்து ஒரே நேரத்தில் கிரேடிங், ரெண்டர் செய்தால் வேண்டும். நீங்கள் சொன்ன நிலைமை இரண்டிலும் சேராது. இடையில் 2.5 கிகாபிட் என்று ஒன்று இருக்கிறது. நிறைய புது மதர்போர்டுகளில் அந்த போர்ட் இருக்கும், ஸ்விட்ச் விலையும் அதிகமில்லை. உங்கள் நாஸிலும் அந்த போர்ட் இருந்தால் ராத்திரி ப்ராக்ஸி எடுப்பதும், கார்டிலிருந்து நாஸுக்கு நகலெடுப்பதும் வேகமாகும். டைம்லைனை அது சரி செய்யும் என்று எதிர்பார்த்து மட்டும் வாங்க வேண்டாம். வைஃபையில் மூலத்தை எடிட் செய்ய முயலாதீர்கள். ப்ராக்ஸியும் புராஜெக்ட்டும் உள்ளூரில் இருந்தால் வைஃபை இல்லாமலேயே, நாஸ் அணைந்திருந்தாலும்கூட, வெட்டும் வேலையைத் தொடரலாம்.

ப்ராக்ஸிக்கு பேக்கப் தேவையில்லை. எஸ்எஸ்டி கெட்டுப்போனால் ஒரு ராத்திரி போட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆல்பமும் வீடியோவும் வீட்டாரிடம் கொடுத்து அவர்கள் சரி என்றதும் அந்த ஃபோல்டரை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு இடம் பண்ணலாம். ஆனால் ரிசால்வின் புராஜெக்ட் லைப்ரரி உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கிறது, உங்கள் வெட்டுகள் எல்லாம் அதில்தான். அதை வேலை நாள் முடிவில் `Export Project` கொடுத்து `.drp` கோப்பாக நாஸில் ஒரு பிரதி வையுங்கள். மூலக் கோப்புகள் நாஸில் ஆர்ஏஐடி போட்டு இருப்பதையும் பேக்கப் என்று கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு டிஸ்க் போனால் அது காப்பாற்றும், ஃபோல்டரைத் தவறி அழித்தாலோ நாஸே எரிந்தாலோ காப்பாற்றாது. 10 கிகாபிட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு எஸ்எஸ்டி வாங்கியது போக மீதி இருந்தால், 8 டிபி வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி மூலங்களின் இரண்டாவது பிரதியை அதில் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். மேலே போட்ட கணக்குப்படி ஒரு கல்யாணம் அரை டிபி, அதில் பதினாலு பதினைந்து கல்யாணம் கொள்ளும்.